பந்துக் காசு நோட்டு

நான் சார்ந்திருக்கும் சமூகம் எது என்று விண்ணப்பத்தில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பாம்பனில் எங்கள் தெரு கிரிக்கெட் அணிதான். பதினோரு வயதிலிருந்து அதில் இருக்கிறேன். முதலில் ஸ்கோர் எழுதினேன், அப்புறம் காசுக் கணக்கும் என்னிடம் வந்தது, கடைசி மூன்று வருடமாகப் பந்தும் போடுகிறேன்.

எங்களுக்கென்று மைதானம் கிடையாது, காற்றைப் பார்த்துத்தான் இடம் முடிவாகும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் பக்கம் மணல் கண்ணில் அடிக்கும், அதனால் தென்கடல் கரைக்குப் போய்விடுவோம். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும், மறுபடி வடக்கே வருவோம். விதிகளும் கரைக்கு ஏற்றபடிதான். காயப்போட்ட கருவாட்டில் பந்து விழுந்தால் அவுட். விரித்து வைத்த வலையில் விழுந்தால் இரண்டு ரன், ஆனால் யாரும் ஓடிப்போய் எடுக்கக்கூடாது, வலைக்காரரைக் கூப்பிட்டு அவர் எடுத்துத் தர வேண்டும். கடலில் விழுந்தால் அடித்தவரே நீந்தணும்.

இந்த அணியில் ஒரே பதினோரு பேர் அடுத்தடுத்த இரண்டு நாள் ஆடியதை நான் பார்த்ததே இல்லை. விசைப்படகுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் போகும், நாட்டுப்படகுகள் மற்ற நாளில் போகும், படிக்கிற பையன்கள் பலரும் லீவு நாளில் அப்பாவோடு படகேறிவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், அப்போது இடத்துக்கு அடிதடி. அதனால் ஆட்டத்துக்கு வராதவர் பெயருக்கு நேரே 'கடல்' என்று எழுதுவது எங்கள் வழக்கம். திரும்பி வந்ததும் அவர் இடம் அவருக்கு, இடையில் ஆடியவர் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் சரி.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் விக்கெட் கீப்பரின் அப்பா போன படகை, எல்லை தாண்டியதாகச் சொல்லி ஆளோடு பிடித்துவிட்டார்கள். அவன் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தான், நள்ளிரவு வரை ஐஸ் உடைக்கிற வேலை. கரைக்கு வருவதே நின்றுபோனது. ஒரு வாரம் பார்த்துவிட்டு நோட்டில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினேன். அந்த மாதப் பந்துக் காசு 20 ரூபாயைப் பாக்கி என்று சிவப்பு மையில் போட்டேன். கணக்கு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு அப்போது தெரியும்.

எங்கள் கேப்டன் அண்ணன் மீன் லாரி ஓட்டுகிறவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவன் எங்க பாப்பா வராம போனான்? வேலைக்குல்ல போயிருக்கான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது. அவர் முன்னாலேயே 'வரவில்லை'யை அடித்துவிட்டு 'கடல்' என்று எழுதினேன்.

கையில் அப்போது 1,860 ரூபாய் இருந்தது, பக்கத்து ஊர்ப் போட்டிக்குக் கட்டுவதற்காகச் சேர்த்தது. அதை அவன் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். வேண்டாம், அது பந்துக் காசு என்றேன் நான். அரை நாள் சண்டை போட்டோம். கடைசியில் ஓட்டெடுப்பில் நான் தோற்றேன். ஆனால் அவன் அம்மா காசை வாங்க மறுத்துவிட்டார், எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் அண்ணன்தான் அவனிடமே போய், எப்போது ஓய்வு என்று கேட்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி. அன்றிலிருந்து நாலரை மாதம், அவன் அப்பா விடுதலையாகி வரும்வரை, ஞாயிறு ஆட்டத்தை விடிகாலைக்கு மாற்றிவிட்டோம். அந்தக் குளிரில் எழுந்து போவது எங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் போனோம். அவனும் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அந்தக் காசு போட்டிக்கே போனது, இரண்டாவது சுற்றில் தோற்றோம்.

நான் இந்த உதவித்தொகை கேட்பது பி.காம். படிக்க. என் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று அவரால் ஒருநாளும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை, கூட வரும் பெண்களுக்கும் அப்படித்தான். படித்துவிட்டு வந்து அவர்களுக்காகக் கணக்கு வைக்க விரும்புகிறேன். சிவப்பு மையில் பாக்கி என்று எழுதும் முன்னால் அந்த ஆளைப் போய் ஒரு தடவை பார்க்கிற கணக்காக அது இருக்க வேண்டும்.

இப்போது ஓடுவது நான்காவது நோட்டு. அடுத்துப் பார்த்துக்கொள்ள ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஓவர் கணக்கில் இன்னும் தடுமாறுகிறாள். போன வாரம், "நீ காலேஜ் போயிட்டா உன் பேருக்கு நேரே என்ன எழுதணும் அக்கா?" என்று கேட்டாள். கடல் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.