பள்ளியில் வாய் நலப் பரிசோதனை நடத்த அனுமதி கேட்டு முதல்வருக்கு ஒரு கடிதம்

7 ஜூலை 2025

அனுப்புநர்:
செ. மதுமிதா,
இறுதியாண்டு மாணவி,
சமுதாயப் பல் மருத்துவத் துறை,
பல் மருத்துவக் கல்லூரி.

பெறுநர்:
பள்ளி முதல்வர் அவர்கள்.

பொருள்: இரண்டாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு வாய் நலப் பரிசோதனை நடத்த அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் துறையின் உதவிப் பேராசிரியர் ஒருவரின் நேரடி மேற்பார்வையில், இறுதியாண்டு மாணவர்கள் ஐந்து பேர் தங்கள் பள்ளிக்கு வந்து, இரண்டாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளின் பற்களையும் ஈறுகளையும் பார்த்து, சிகிச்சை தேவைப்படுபவர்களை அடையாளம் காண விரும்புகிறோம். ஆகஸ்ட் 5 செவ்வாய், 6 புதன் ஆகிய இரு நாள்களும் காலை 9.30 முதல் 12 மணி வரை இதற்கு அனுமதி வேண்டுகிறேன். நவம்பர் 4 செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரமும் வேண்டும். அந்த மூன்றாவது வருகை எதற்கென்று கீழே விளக்கியிருக்கிறேன். எனக்கு அதுதான் முக்கியமானதாகப் படுகிறது.

இந்த இரண்டு வகுப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆறு வயதையொட்டி முதல் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது எந்தப் பால்பல்லும் விழுந்து வருவதில்லை. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் எழும்பி நிற்கும். பிள்ளைக்கு இன்னும் பல் விழுந்து முளைக்கும் வயது என்பதால், அதையும் பால்பல் என்றே பல பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் இதை அடிக்கடி பார்க்கிறோம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் கடைவாய்ப்பல் வேர்வரை சொத்தையாகியிருக்கும். அம்மாவோ அப்பாவோ, “எப்படியும் விழுந்துடுற பல்தானேன்னு விட்டுட்டோம்” என்பார்கள். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல் என்று அவர்களிடம் சொல்வது கஷ்டமாக இருக்கும். அதையே ஏழு வயதில் பார்த்திருந்தால், பல்லின் மேல்பள்ளங்களை சீலன்ட் பூசி மூடிவிட்டாலே போதுமானதாக இருந்திருக்கலாம்.

ஏழாம் வகுப்புக்கும் இதே போன்ற காரணம்தான். பன்னிரண்டு வயதையொட்டி இரண்டாம் கடைவாய்ப்பல் வருகிறது, பால்பற்கள் பெரும்பாலும் விழுந்து முடிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் வாய் நலக் கணக்கெடுப்புகளுக்குக் குறிப்பிடும் வயதுகளில் பன்னிரண்டும் ஒன்று. உலக அளவில் சுமார் 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பல் சொத்தை இருப்பதாக அதே நிறுவனத்தின் 2022 அறிக்கை மதிப்பிடுகிறது. இவ்வளவு பரவலாக இருந்தும், ஆரம்பத்தில் கவனித்தால் பெருமளவு தடுக்கக்கூடிய நோய் இது. பல்லில் முதலில் தோன்றுவது ஓட்டை அல்ல, சுண்ணாம்பு பட்டது போன்ற ஒரு வெள்ளைத் திட்டு. அந்த நிலையில் ஃப்ளூரைடு பேஸ்ட்டும் நல்ல துலக்கும் பழக்கமும் இருந்தால் பல் மறுபடி உறுதிப்படும். ஓட்டை விழுந்துவிட்டால் தானாக ஆறாது.

இனி, பரிசோதனை எப்படி நடக்கும் என்பது. தங்கள் அலுவலகத்தில் கேட்டறிந்தபடி இரண்டாம் வகுப்பில் 64 பேர், ஏழாம் வகுப்பில் 78 பேர், ஆக 142 பிள்ளைகள். ஒருவருக்கு நான்கு நிமிடம் போதும். இரண்டு நாற்காலிகளில் இருவர் பார்ப்போம், இருவர் குறித்துக்கொள்வார்கள், ஒருவர் வகுப்பறையிலிருந்து பிள்ளைகளை நால்வர் நால்வராக அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவார். முழு வகுப்பும் வரிசையில் காத்து நிற்க வேண்டியிருக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சுமார் பத்து நிமிடப் பாடநேரம்தான் போகும். அந்த இரு நாள்களில் தேர்வு ஏதும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், தேதியை மாற்றிக்கொள்கிறோம்.

வாய்க்குள் வைப்பது சிறு கண்ணாடியும் உருண்டை முனை கொண்ட கம்பியும் மட்டுமே. கூர்முனைக் கருவியைக் கொண்டுவரவே மாட்டோம், ஏனென்றால் அதை அழுத்தினால் உறுதிப்படக்கூடிய வெள்ளைத் திட்டும் உடைந்துவிடலாம். ஊசி, எக்ஸ்ரே, மருந்து, பல் பிடுங்குதல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கருவியும் கல்லூரியில் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் கிருமி நீக்கம் செய்யப்பட்டுத் தனித்தனி உறையில் வரும். ஒருவருக்குப் பயன்படுத்தியது அன்று இன்னொருவருக்குப் போகாது. பிள்ளைக்குப் பிள்ளை கையுறை மாற்றி, கையைச் சுத்தம் செய்வோம். சிலருக்கு ரப்பர் ஒவ்வாமை இருக்கும் என்பதால் நைட்ரைல் கையுறைகளையே கொண்டுவருகிறோம். குப்பை எதையும் பள்ளியில் விட்டுச் செல்லமாட்டோம்.

எங்களுக்குத் தேவைப்படுவது வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள ஓர் அறை, இரண்டு மேசை, ஆறு நாற்காலி, அருகில் ஒரு குழாய். தலைவிளக்குகளை நாங்களே கொண்டுவருவோம். இன்னொன்றையும் கட்டாயம் கேட்டுக்கொள்கிறேன். பரிசோதனை நடக்கும் நேரம் முழுக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் எங்களோடு தனியாக இருக்கக் கூடாது.

பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வராத பிள்ளையைப் பார்க்கமாட்டோம். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் மாட்டோம். கையெழுத்து இருந்தும், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு “வேண்டாம்க்கா” என்று பிள்ளை சொன்னால் அத்தோடு விட்டுவிடுவோம். பயந்த நிலையில் வாயைத் திறக்க வைத்தால், பல் மருத்துவர் என்றாலே ஓடும் ஒரு பெரியவரைத்தான் நாம் உருவாக்குவோம். வீட்டுக்கு அனுப்பும் படிவத்தின் வாசகம் இது:

“அன்புள்ள பெற்றோருக்கு, உங்கள் பிள்ளையின் பற்களையும் ஈறுகளையும் பல் மருத்துவ மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில், பள்ளியிலேயே பார்ப்பார்கள். சிகிச்சை எதுவும் செய்யப்படாது. கட்டணம் இல்லை. வலி இருக்காது. பார்த்ததை மூடிய உறையில் உங்களுக்கு மட்டும் எழுதி அனுப்புவோம். பிள்ளைக்கு இதயக் கோளாறு, ஆஸ்துமா, ஒவ்வாமை, ரத்தம் உறையாமை போன்ற ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். விருப்பமில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று குறித்து அனுப்பினால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.”

மூடிய உறை என்பதை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். சொத்தை உள்ளவருக்குச் சிவப்புச் சீட்டு, இல்லாதவருக்குப் பச்சைச் சீட்டு என்று கொடுத்தால் வகுப்புக்குள் கேலி தொடங்கிவிடும். பற்கள் கறைபட்டோ வளைந்தோ இருக்கும் பிள்ளைகள் ஏற்கனவே வாயை மூடிச் சிரிக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் ஒரே நிற உறை. புகைப்படம் எடுக்கமாட்டோம். ஒருவருடைய நிலையை மற்றவர் காதுபடப் பேசமாட்டோம். தங்களுக்குத் தரும் அறிக்கையில் பெயர்கள் இருக்காது, வகுப்புவாரியான எண்ணிக்கை மட்டும் இருக்கும். கன்னம் வீங்கி, காய்ச்சலோடு, ஈற்றில் சீழ் கட்டி யாராவது இருந்தால் மட்டும் காத்திருக்கமாட்டோம். வகுப்பாசிரியர் வழியாக அன்றைக்கே பெற்றோரை அழைக்கச் சொல்வோம்.

இப்போது அந்த மூன்றாவது வருகை. பள்ளியில் பல்லைப் பார்த்து வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்பிவிடுவதால் மட்டும் பிள்ளைகள் சிகிச்சைக்குப் போய்விடுகிறார்கள் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று இல்லை. சீட்டு பையிலேயே கசங்கிக் கிடக்கும், அல்லது பெற்றோர் படித்துவிட்டு வேலை மும்முரத்தில் தள்ளிப்போடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வலி இல்லாத பல்லுக்காக ஒரு நாள் வேலையை விடுவது எளிதல்ல. அதனால் உறையில் வெறுமனே “பல் மருத்துவரை அணுகவும்” என்று எழுதமாட்டோம். எந்தப் பல், என்ன ஆகியிருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் பார்க்க வேண்டும், எங்கள் கல்லூரிக்கு வருவதானால் எந்தப் பிரிவு, எந்த நேரம் என்று எளிய தமிழில் இருக்கும். வேறு மருத்துவரிடம் போனாலும் சரி, எங்களிடமே வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. மூன்று மாதம் கழித்து, நவம்பர் 4 அன்று, சிகிச்சை தேவைப்பட்ட பிள்ளைகளில் யார் போனார்கள், போகாதவர்களுக்கு எது தடையாக இருந்தது என்று பார்ப்போம். தூரமா, பயமா, நேரமா என்று தெரிந்தால் பேராசிரியரோடு பேசி ஏதாவது வழி செய்ய முடியும். இந்த ஒரு மணி நேரம் கிடைக்காவிட்டால், முதல் இரு நாள்களின் உழைப்பு பாதியில் நின்றுபோகும் என்று நினைக்கிறேன்.

தாங்கள் விரும்பினால் ஆசிரியர்களுக்காக இருபது நிமிடம் ஒதுக்கலாம். விளையாட்டு மைதானத்தில் விழுந்து முன்பல் முழுதாகப் பெயர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று காட்டுவோம். நிலையான பல் என்றால் வேரைத் தொடாமல், வெளியே தெரியும் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கு இருந்தால் சில நொடிகள் மட்டும் கழுவி, முடிந்தால் அதே குழியில் பொருத்த வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் போக வேண்டும். அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் பல்லுக்குச் சேதம் வரும். உடற்கல்வி ஆசிரியருக்காவது இது தெரிந்திருந்தால் நல்லது.

எந்த பேஸ்ட் நிறுவனத்தின் மாதிரிகளோ விளம்பரத் தாளோ எங்களோடு வராது. இது ஆராய்ச்சிக்கான தகவல் சேகரிப்பும் அல்ல, எங்கள் சமுதாயப் பயிற்சியின் ஒரு பகுதி.

ஒப்புதல் படிவம், பெற்றோருக்கான அறிக்கையின் மாதிரி, துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். படிவத்தில் மாற்ற வேண்டியது இருந்தால் குறித்துக் கொடுங்கள், திருத்திவிடுகிறோம். படிவங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்ப இரண்டு வாரமாவது ஆகும் என்பதால், ஜூலை 18க்குள் தங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும். அதற்கு முன், ஜூலை 10 வியாழன் மாலை பள்ளி விட்ட பிறகு பேராசிரியருடன் நேரில் வந்து, கருவிகளைக் காட்டித் தங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும். அந்த நேரம் தங்களுக்குச் சரிப்படுமா என்று அலுவலகம் வழியாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. மதுமிதா

இணைப்பு: மேற்சொன்ன மூன்று தாள்கள்