நிறுவனத்தை மூடிய பிறகும் கிளெய்ம் பாதுகாப்பு தொடரக் கோரும் கடிதம்

கோயம்புத்தூர்
2 பிப்ரவரி 2026

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
லயபிலிட்டி இன்சூரன்ஸ் பிரிவு, கோயம்புத்தூர்

பொருள்: எங்கள் புரொபஷனல் இண்டெம்னிட்டி பாலிசிக்கு 1 ஏப்ரல் 2026 முதல் 7 ஆண்டு ரன்-ஆஃப் பாதுகாப்பு வேண்டுதல், தெரிந்த ஒரு விவகாரத்தை முன்கூட்டியே அறிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்களுடையது கட்டட ஸ்ட்ரக்சுரல் டிசைன் ஆலோசனை செய்யும் கூட்டு நிறுவனம். 2006 முதல் கோவையில் இயங்கி வருகிறோம். 31 மார்ச் 2026 அன்று நிறுவனத்தைக் கலைத்துவிட முடிவு செய்திருக்கிறோம். எனக்கு வயது 66 ஆகிறது. இன்னொரு பங்குதாரர் பொறியியல் கல்லூரியில் முழுநேர ஆசிரியராகச் சேர்கிறார். கடனோ வழக்கோ இதற்குக் காரணம் இல்லை. நடப்பு பாலிசியும் அதே 31 மார்ச் அன்றுதான் முடிகிறது. அதன் முகப்புத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.

இந்த பாலிசி கிளெய்ம்ஸ்-மேட் அடிப்படையில் உள்ளது. தவறு எப்போது நடந்தது என்பது மட்டும் போதாது. இழப்பீடு கேட்டு எங்களிடம் வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். அப்படியானால், 2012 ஏப்ரல் முதல் நாங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த எல்லா வரைபடங்களும் 1 ஏப்ரல் அன்று பாதுகாப்பில்லாமல் நிற்கும். புதுப்பிக்காமல் விட்டால் 90 நாள் வரை கிளெய்ம் அறிவிக்கலாம் என்ற நீட்டிப்புப் பிரிவு பாலிசியில் இருக்கிறது. அதுவும் பாலிசிக் காலத்தில் நடந்த சம்பவங்களுக்குத்தான். ஆடிட்டருக்கோ நிர்வாக ஆலோசகருக்கோ 90 நாள் ஓரளவு உதவலாம். கட்டடம் வடிவமைத்தவருக்கு அது எந்த வகையிலும் போதாது.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் கேட்கும் கால அளவு இதை வைத்துத்தான். கோவையைச் சுற்றிப் பல இடங்களில் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அஸ்திவாரத்தில் குறை இருந்தால் முதல் வருடமே தெரியும் என்று சொல்ல முடியாது. மூன்று நான்கு பருவமழை கடந்த பிறகு சுவரில் சாய்வான வெடிப்பு வரும். கம்பிக்குக் கவர் போதாமல் போயிருந்தால் துரு வெளியே தெரிய இன்னும் அதிக காலமாகும். தவறு டிசைனிலா, சைட்டில் வேலை செய்தவரிடமா, அப்புறம் குடியிருப்போர் செய்த மாற்றத்திலா என்பது ஆராய்ந்தால்தான் புரியும். ஆனால் நோட்டீஸ் எல்லோருக்கும் சேர்த்தே வரும். தவறு எங்களுடையது இல்லை என்று நிரூபிக்கவே வழக்கறிஞருக்கும் நிபுணர் அறிக்கைக்கும் பெரிய தொகை தேவை.

சட்டமும் அதே திசையில்தான் இருக்கிறது. ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் 2016-இன் பிரிவு 14(3)படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் ஸ்ட்ரக்சுரல் குறை சொல்லப்பட்டால் பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் இழப்பீடு தர வேண்டும். அந்தச் செலவை பில்டர் எங்களிடம் திருப்பிக் கேட்பார். லிமிட்டேஷன் சட்டத்தின் 3 ஆண்டு, அவருக்கு இழப்பு நேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்கும் என்று வாதிட இடம் உண்டு என்கிறார் எங்கள் வழக்கறிஞர். நாங்கள் டிசைன் செய்த கடைசி அடுக்குமாடிக் குடியிருப்பு மார்ச் 2025-இல் ஒப்படைக்கப்பட்டது. 5 ஆண்டும் 3 ஆண்டும் சேர்த்தால் மார்ச் 2033 வருகிறது. அதனால்தான் 31 மார்ச் 2033 வரை, அதாவது 7 ஆண்டு கேட்கிறேன். இது தவிர, ஒரு தொழிற்சாலை கிளையண்டுடன் போட்ட ஒப்பந்தத்தில், வேலை முடிந்த பிறகும் 5 ஆண்டு பாலிசி வைத்திருக்க வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறது. பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

கூட்டு நிறுவனம் என்பதால் எங்கள் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. நிறுவனம் கலைந்தாலும் அதற்கு முன் செய்த வேலைக்கான கடன் பங்குதாரர்களின் வீடு, சேமிப்பு வரை வரும். மூன்றாவது பங்குதாரர் 2021-இல் காலமாகிவிட்டார். அவர் உயிரோடு இருந்தபோது கையெழுத்திட்ட வரைபடங்களுக்காக அவர் விட்டுச்சென்ற சொத்தின்மீது உரிமை கோர முடியும். அந்தச் சொத்து அவருடைய மனைவி குடியிருக்கும் வீடுதான். அவரிடம் ஒருநாள் சம்மன் போய் நிற்கக் கூடாது. நான் இந்தக் கடிதம் எழுதுவதில் பாதிக் காரணம் அதுவே. ஆகவே, ரன்-ஆஃப் எண்டார்ஸ்மெண்டில் 'காப்பீடு பெற்றவர்' என்பது நிறுவனம், இப்போதைய பங்குதாரர்கள், முன்னாள் பங்குதாரர்கள், எங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்த பொறியாளர்கள், இவர்களில் இறந்தவர்களின் சட்டப்படியான வாரிசுகள் எல்லோரையும் குறிக்கும் என்று தெளிவாக எழுதித் தாருங்கள். நிறுவனத்தின் பெயரில் மட்டும் கொடுத்தால், கலைந்துவிட்ட ஒன்றுக்குத் தரப்பட்ட பாலிசி என்ற சிக்கல் பின்னால் கிளம்பும்.

ரெட்ரோஆக்டிவ் தேதி, அதாவது எந்த நாள் முதல் செய்த வேலைக்குப் பாதுகாப்பு உண்டோ அந்தத் தேதி, இப்போது 1 ஏப்ரல் 2012. அது மாறவே கூடாது. அதைப் புதிய தேதியாக்கினால், நான் கட்டும் பிரீமியத்துக்கு எந்தப் பலனும் இருக்காது. மறுபக்கம், 31 மார்ச் 2026-க்குப் பிறகு செய்யும் வேலை எதுவும் இதில் சேராது என்பதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறோம். சக பங்குதாரர் பிற்காலத்தில் தனியாக ஆலோசனை வேலை எடுத்தால் அதற்குத் தனி பாலிசி எடுத்துக்கொள்வார்.

வரம்பு பற்றி: 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் நாங்கள் 50 லட்சமாக இருந்த வரம்பை உயர்த்தினோம். இப்போது ஒரு சம்பவத்துக்கு 2 கோடி ரூபாய், ஆண்டுக்கு மொத்தம் 4 கோடி. ரன்-ஆஃப் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் இதே 4 கோடி புதிதாகக் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் முதல் விருப்பம். அப்படித் தர முடியாவிட்டால் 7 ஆண்டுக்கும் சேர்த்து 6 கோடி என்ற ஒரே மொத்த வரம்புக்கும் விலை சொல்லுங்கள். 7 ஆண்டுக்கும் சேர்த்து வெறும் 4 கோடி என்பதை நாங்கள் ஏற்க மாட்டோம். ஒரே ஒரு அடுக்குமாடி வழக்கே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வழக்குச் செலவு இந்த வரம்புக்குள் வருமா, வெளியே வருமா என்பதையும் கொட்டேஷனில் சொல்லிவிடுங்கள்.

நடப்பு ஆண்டுப் பிரீமியம் ஜி.எஸ்.டி. நீங்கலாக 1,48,000 ரூபாய். 7 ஆண்டுக்கான தொகையை ஒரே தவணையாக, 31 மார்ச்சுக்கு முன் நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டிவிடுவோம். கணக்கை அதன் பிறகு மூடுவதால் தவணை முறை சரிப்படாது. புதிய வேலை எதுவும் வராது, பழைய வேலைகளின் அபாயம் வருடத்துக்கு வருடம் குறையும். பின்வரும் ஆண்டுகளுக்கான விகிதம் இதற்கேற்பக் குறைய வேண்டும் என்று கேட்கிறேன். கட்டிய பிறகு உங்கள் தரப்பிலிருந்து ரத்து செய்ய முடியாது என்ற வாசகமும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக 3 ஆண்டு, 5 ஆண்டுக்கும் விலை கொடுங்கள். நீண்ட காலத்துக்கு எழுத உங்கள் விதிகள் இடம் தரவில்லை என்றால், பழைய வேலைக்கு மட்டும் என்று ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வழி உண்டா? அதைக் கடைசி வழியாகத்தான் பார்க்கிறோம். ஒரு வருடம் நீங்கள் மறுத்தால் வேறு யாரும் மூடிய நிறுவனத்துக்கு பாலிசி தர மாட்டார்கள்.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. பொள்ளாச்சி சாலையில் நாங்கள் 2019-இல் டிசைன் செய்த அடுக்குமாடியின் பேஸ்மெண்ட் ரிடெய்னிங் சுவரில் நீர்க்கசிவும், ஓரிடத்தில் கிடைமட்ட வெடிப்பும் இருப்பதாகக் குடியிருப்போர் சங்கம் பில்டருக்கு எழுதியிருக்கிறது. பில்டர் அதை 19 ஜனவரி 2026 அன்று எங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பி 'கருத்து' கேட்டிருக்கிறார். இழப்பீடு யாரும் கேட்கவில்லை. 24 ஜனவரி அன்று நேரில் போய்ப் பார்த்தேன். வெளிப்புற வடிகால் அடைந்திருக்கிறது, தண்ணீர் அழுத்தமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் பொறுப்பை ஏற்றோ மறுத்தோ பில்டருக்கு நான் எதுவும் எழுதவில்லை. உங்கள் சம்மதமில்லாமல் எழுதவும் மாட்டேன். குடியிருப்பவர்களின் பாதுகாப்பைக் கருதி, வடிகாலை உடனே சுத்தம் செய்யவும் வெடிப்பின்மேல் அளவுக்கண்ணாடி ஒட்டிக் கண்காணிக்கவும் மட்டும் சொல்லியிருக்கிறேன். இதை நடப்பு பாலிசியின் நோட்டிபிகேஷன் பிரிவின்படி, கிளெய்மாக மாறக்கூடிய சூழ்நிலை என்று முறைப்படி அறிவிக்கிறேன். பின்னால் வழக்கு வந்தால் அது 2025–26 பாலிசியில் பதிவானதாகவே கருதப்படும் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். ரன்-ஆஃப் பாதுகாப்பிலிருந்து இதை விலக்கி, நடப்பு பாலிசியிலும் ஏற்காமல் நடுவில் விட்டுவிடக் கூடாது. இது தவிர வேறு புகார், நோட்டீஸ், வழக்கு எதுவும் எங்கள் இருவருக்கும் தெரிந்தவரை இல்லை. அலுவலகப் பொறியாளர்களிடமும் எழுதி வாங்கியிருக்கிறோம்.

கையில் இருக்கும் இரண்டு தொழிற்சாலை ஷெட் வேலைகளை 15 மார்ச் அன்று வேறொரு ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் ஒப்படைக்கிறோம். எந்த வரைபடம் வரை எங்களுடையது என்பது ஒப்படைப்புக் குறிப்பில் திருத்த எண்ணோடு இருக்கும். அதன் நகல் உங்களுக்கும் வரும். மண் பரிசோதனை அறிக்கைகள், கணக்கீட்டுக் கோப்புகள், இறுதி வரைபடங்கள், சைட் விசிட் பதிவேடுகள் எல்லாவற்றையும் 2033 வரை என் வீட்டு முகவரியில் காகிதமாகவும், இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் வைத்திருப்போம். கிளெய்ம் அறிவிப்பு, விசாரணை எதற்கும் நானே தொடர்பு நபர். எனக்கு முடியாமல் போனால் சக பங்குதாரர்.

கொட்டேஷனும் எண்டார்ஸ்மெண்டின் வரைவு வாசகமும் 20 பிப்ரவரிக்குள் கிடைத்தால் நல்லது. வழக்கறிஞர் படித்துப் பார்க்க ஒரு வாரம், திருத்தம் கேட்க ஒரு வாரம் போனாலும் மார்ச் நடுவில் பணம் கட்டிவிடலாம். எண்டார்ஸ்மெண்ட் கைக்கு வந்த பிறகே நிறுவனக் கலைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோம். மூடப்போகிறோம் என்று இப்போது தெரிவித்ததால் நடப்பு பாலிசிக்கு 31 மார்ச் வரை எந்தப் பாதிப்பும் இல்லை என்பதையும் பதிலில் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

கூடுதல் விவரமோ புதிய முன்மொழிவுப் படிவமோ தேவைப்பட்டால் நேரில் வந்து நிரப்பித் தருகிறேன். வேலை நாட்களில் காலை 10 முதல் 1 மணி வரை அலுவலகத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
சு. இராமநாதன்
நிர்வாகப் பங்குதாரர்

இணைப்பு: பாலிசி முகப்புத் தாள், கட்டட வகை, ஒப்படைத்த தேதி, பெற்ற கட்டணம் ஆகியவற்றுடன் 2012 முதல் செய்த வேலைகளின் பட்டியல், தொழிற்சாலை ஒப்பந்தப் பக்கம், பொள்ளாச்சி சாலைக் கட்டடம் பற்றிய மின்னஞ்சலும் புகைப்படங்களும், பொறியாளர்களின் உறுதிமொழிகள்.

நகல்: எங்கள் இன்சூரன்ஸ் புரோக்கருக்கு