பொருள்: 125 கேவிஏ ஜெனரேட்டர் – கையெழுத்திட்ட ஏற்புச் சான்றிதழ் வேண்டி

மதிப்பிற்குரிய பராமரிப்பு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். உங்கள் திருப்பூர் நிட்டிங் யூனிட்டில் ஜெனரேட்டரை நிறுவும் வேலை கடந்த வியாழக்கிழமை முடிந்தது. உங்கள் எலக்ட்ரீஷியன் முன்னிலையில் 80 கிலோவாட் வரை லோடு ஏற்றிப் பார்த்தோம். மெயின் சப்ளையை நிறுத்தியதும் ஏஎம்எஃப் பேனல் தானாகவே மாற்றிக்கொண்டது. ரீடிங் ஷீட்டில் அவரும் கையெழுத்திட்டிருக்கிறார்.

பர்ச்சேஸ் ஆர்டர்படி மீதி 20 சதவீதத்துக்கான ஃபைனல் பில்லைப் போட, உங்கள் கையெழுத்தும் கம்பெனி சீலும் உள்ள ஏற்புச் சான்றிதழ் தேவை. அது இல்லாமல் எங்கள் அக்கவுண்ட்ஸில் பில் போட மாட்டார்கள். வாரண்டியும் சான்றிதழில் உள்ள தேதியிலிருந்துதான் தொடங்கும்.

சைலன்சர் பைப்புக்கு மேல்பக்கம் லேகிங் சுற்றுவது மட்டும் பாக்கி. செவ்வாய்க்கிழமை ஆள் வருகிறார். அதைக் குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டே நீங்கள் கையெழுத்திடலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். மாத முடிவு நெருங்குவதால், வெள்ளிக்கிழமைக்குள் ஸ்கேன் செய்து அனுப்பினால் உதவியாக இருக்கும். அசல் பிரதியைச் செவ்வாயன்று வரும் எங்கள் ஆளிடமே கொடுத்துவிடுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
சர்வீஸ் ஒருங்கிணைப்பாளர்,
கோயம்புத்தூர் கிளை