திருத்தம்: செவ்வாய்க்கிழமை மின்தடை, தண்ணீர் நேரம் (சத்துவாச்சாரி)

ஞாயிறு காலை போட்ட அறிவிப்பை விட்டுவிடுங்கள். அலுவலகப் பட்டியலில் நேரம் மாறியிருக்கிறது. இன்று (திங்கள்) மாலை 5.30 மணிக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

மின்தடை: 14-ஆம் தேதி செவ்வாய், காலை 9 முதல் மாலை 5 வரை. முன்பு மதியம் 2 வரை என்று போட்டிருந்தேன், அது இனி செல்லாது. மாதாந்திரப் பராமரிப்போடு, கம்பியில் உரசும் மரக்கிளைகளையும் வெட்டுகிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்தால் முன்னதாகவே கரண்ட் வரலாம். அதை நம்பி லிஃப்டில் ஏறாதீர்கள்.

தண்ணீர்: இதில்தான் குழப்பம். மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரும் அதே லைனில்தான் இருக்கிறது. கரண்ட் வந்து தொட்டி நிரம்பினால்தான் தெருவுக்குத் திறப்பார்கள். அதனால் 1 முதல் 4-ஆம் தெரு வரை செவ்வாய் மாலை 4 மணிக்கு வரவேண்டிய காவிரித் தண்ணீர், புதன் காலை 6 முதல் 7.30 வரை வரும். 5, 6-ஆம் தெருக்களுக்கு மாற்றமில்லை, வழக்கம்போல வியாழன்தான்.

போர்வெல் மோட்டார் வைத்திருப்பவர்கள் செவ்வாய் காலை எட்டரைக்குள் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். மாடி வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர்களுக்குத்தான் கடைசியில் சேதி போகிறது.

பழைய அறிவிப்பை யாருக்காவது அனுப்பியிருந்தால், இதையும் அனுப்பிவிடுங்கள்.

செவ்வாய் இரவு 8.15: கரண்ட் 5.40-க்கு வந்தது. தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது. புதன் காலை 6 மணி என்பதில் மாற்றமில்லை.