உடல்நலக் காரணத்தால் பணி நிறைவு: கடிதம்

எஸ்டேட் அலுவலகம்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்
1.7.2024

பெறுநர்:
திரு. ப. முருகேசன்,
பல்ப்பர் மேஸ்திரி

மதிப்பிற்குரிய திரு. முருகேசன் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் வீட்டில் உங்களிடமும் உங்கள் மனைவியிடமும் பேசியதை எழுத்தில் தருகிறேன். 31.7.2024 அன்றுடன் உங்கள் பணி, உடல்நலக் காரணத்தால் நிறைவு பெறுகிறது. இது ஒழுங்கு நடவடிக்கை அல்ல, ஆட்குறைப்பும் அல்ல. உங்கள் பணிச் சான்றிதழிலும் அப்படியே எழுதப்படும்.

பக்கவாதம் வந்த 14.11.2023 முதல் நீங்கள் மருத்துவ விடுப்பில் இருக்கிறீர்கள். வலது கையின் பலம் பழையபடி திரும்ப வாய்ப்பில்லை, ஓடும் இயந்திரத்தின் அருகில் வேலை செய்யக் கூடாது என்று சேலத்தில் உங்களைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் 18.6.2024 அன்று எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, ஜூன் 10 முதல் குடோனில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலையைச் செய்து பார்த்தீர்கள். மூன்றாம் நாள் மயக்கம் வந்தது. இடது கையால் நீங்கள் எழுதிய அந்த இரண்டு பக்கங்களில் ஒரு கணக்கும் தப்பில்லை. ஆனால் உட்கார்ந்து செய்யும் வேறு வேலை தோட்டத்தில் இல்லை. தேடிப் பார்த்த பிறகே இந்த முடிவு.

சரி, பணக் கணக்கு. 1.6.2003இல் சேர்ந்தீர்கள். மருத்துவ விடுப்பும் பணிக்காலத்தில் சேரும். 21 ஆண்டு 2 மாதம், பணிக்கொடைக்கு 21 ஆண்டு. கடைசிச் சம்பளம், பஞ்சப்படி உட்பட, ரூ. 20,800. அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ரூ. 800. ஆண்டுக்கு 15 நாள் வீதம் பணிக்கொடை ரூ. 2,52,000. மீதமுள்ள 38 நாள் ஈட்டிய விடுப்புக்கு ரூ. 30,400. ஜூலை மாத முழுச் சம்பளம் ரூ. 20,800. மொத்தம் ரூ. 3,03,200, ஆகஸ்ட் 30க்குள் உங்கள் வங்கிக் கணக்கில் சேரும்.

பி.எஃப். பணம் தனி. நிரந்தர முழு ஊனம் என்று மருத்துவக் குழு சான்று தந்தால், 58 வயது வரை காத்திருக்காமலே ஓய்வூதியம் கேட்கலாம். படிவங்களை எங்கள் கிளார்க் வீட்டுக்கே கொண்டுவந்து நிரப்பித் தருவார், அலைய வேண்டாம்.

லைன் வீட்டை இப்போது காலி செய்ய வேண்டியதில்லை. மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்து, 2025 மே கடைசி வரை வாடகையின்றி இருக்கலாம்.

இந்த முடிவிலோ கணக்கிலோ உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் ஜூலை 20க்குள் எழுதுங்கள், அல்லது மகளை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வேறு மருத்துவரிடம் காட்ட விரும்பினால் செலவு எங்களுடையது. அவர் வேலை பார்க்கலாம் என்று சொன்னால் இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுவோம்.

காப்பிப் பழம் சரியாக உரியாவிட்டாலும் கொட்டை நசுங்கினாலும், பல்ப்பரின் சத்தத்தை வைத்தே தட்டின் இடைவெளியைத் திருத்துவீர்கள். இருபது சீசன் உங்களை நம்பித்தான் அந்த இயந்திரம் ஓடியது. நன்றி.

அப்புறம், உங்கள் ஸ்பேனர் பை பல்ப்பர் அறையில் ஆணியிலேயே தொங்குகிறது. யாரும் தொடவில்லை. கிளார்க் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மேலாளர்