தம்பிக்குத் தொடங்கும் மாத்திரை: வீட்டில் உள்ளவர்களுக்கு

வணக்கம்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் இருவரும் நிறையக் கேள்விகளோடு வந்திருந்தீர்கள். வெளியே கூட்டமும் நிறைய. பேசியதையும் பேச விட்டுப்போனதையும் சேர்த்து எழுதித் தருகிறேன். பாட்டிக்கும் வாசித்துக் காட்டுங்கள். "ஓடியாடுற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை?" என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஓடுவதை நிறுத்த இந்த மாத்திரையைத் தரவில்லை.

தம்பியின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தீர்களே, அதில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. முதல் மூன்று கணக்கு சரி, நான்காவது பாதியில் நிற்கிறது, ஐந்தாவதை எழுதவே இல்லை. கணக்கு தெரியாத பிள்ளையின் நோட்டு அப்படி இருக்காது. தொடங்கியதில் மனசை நிறுத்தி முடிப்பதுதான் அவனுக்கு முடியவில்லை. கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் இந்த நிலையைத்தான் ஏடிஎச்டி என்கிறோம். மூளையில் அந்த வேலைக்கு உதவும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களும் சுரந்த உடனே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடாமல், தம்பிக்குத் தரும் மெத்தில்பெனிடேட் என்ற இந்த மாத்திரை தடுக்கிறது. இதை 'ஊக்க மருந்து' என்கிறார்கள். துறுதுறு பிள்ளைக்கு ஊக்க மருந்தா என்று அப்பா கேட்டார். கவனத்தையும் கட்டுப்பாட்டையும் பார்த்துக்கொள்ளும் மூளைப்பகுதி நன்றாக வேலை செய்யத் தொடங்கினால் துறுதுறுப்பு தானாகக் குறையும். 1937-லேயே அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் இதே வகையைச் சேர்ந்த வேறொரு மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்து, வகுப்பில் அவர்கள் மாறியதைப் பதிவு செய்தார். நேற்று வந்த மருந்து இல்லை.

பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழு பேருக்கு முதலில் தரும் ஊக்க மருந்திலேயே நல்ல மாற்றம் தெரியும். உட்கார்ந்து எழுதுவான், முறை வரும்வரை காத்திருப்பான், ஒரு தடவை சொன்னால் காதில் விழும். கையெழுத்து கூடச் சிலருக்குத் திருந்தும். ஆனால் விட்டுப்போன பாடத்தை மாத்திரை சொல்லித்தராது. வீட்டுச் சண்டையைத் தீர்க்காது, பையை அடுக்கிவைக்கும் பழக்கத்தையும் கொண்டுவராது. அதனால் நாம் பேசிய நடத்தைப் பயிற்சியும், முன் பெஞ்சில் உட்கார வைப்பதும் தொடர வேண்டும்.

தொடங்கும் விதம் இப்படி. தம்பிக்கு எட்டு வயது, எடை 24 கிலோ. முதல் வாரம் காலையில் 5 மில்லிகிராம் மட்டும். சனிக்கிழமை தொடங்குங்கள், இரண்டு நாள் உங்கள் கண் முன்னால் இருப்பான். கொடுத்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி மூன்று, நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஒரு வாரம் கழித்து அளவை நான் சொல்கிறேன். சரியான அளவு தெரிந்தபின், பள்ளியில் மதியம் மாத்திரை போடும் தொல்லை இல்லாமல் நாள் முழுக்க வேலை செய்யும் வகைக்கு மாற்றலாம். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். காலையில் மறந்துவிட்டால் அன்று விட்டுவிடுங்கள். சாயந்திரம் கொடுத்தால் ராத்திரி தூங்க மாட்டான்.

பக்கவிளைவுகளில் முதலில் வருவது பசிக் குறைவு. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும், அதற்காகத் திட்டாதீர்கள். மருந்து வேலை செய்யும் நேரத்தில் அவனுக்குப் பசியே தெரியாது. மாத்திரைக்கு முன்னால் காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நெய் தோசையோ, முட்டையோ, பொங்கலோ, எது பிடிக்குமோ அது. மருந்து இறங்கிய பிறகு பசி கிளம்பும். அப்போது பிஸ்கட்டைக் கொடுத்து அடக்காமல் சாப்பாடாகவே போடுங்கள். படுக்கும் முன் பாலும் பழமும்.

தூக்கம் தள்ளிப்போவது, வயிற்று வலி, தலைவலி ஆகியவை முதல் இரண்டு வாரம் வந்து பெரும்பாலும் தானாகவே போய்விடும். மருந்து இறங்கும் வேளையில் சிலர் சிடுசிடுப்பார்கள், அழுவார்கள். அந்த ஒரு மணி நேரம் ஹோம்வொர்க் வேண்டாம். கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற தன்னிச்சை அசைவுகள் புதிதாக வந்தால் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

"பொம்மை மாதிரி ஆயிடுவானா?" என்று அம்மா கேட்டீர்கள். பேச்சு குறைந்து, சிரிப்பு போய், மந்தமாக உட்கார்ந்திருந்தால் அளவு அதிகம் என்று பொருள். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அளவைக் குறைப்போம், தேவைப்பட்டால் மருந்தையே மாற்றுவோம். நம் பிள்ளையாகவே இருந்து, வேலையை முடிக்க வேண்டும். மருந்து சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அளவுகோல்.

நாடித்துடிப்பும் பிபியும் கொஞ்சம் ஏறும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதனால் தொந்தரவு இல்லை. தம்பிக்கு மட்டும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்து இதய மருத்துவரிடமும் காட்டச் சொன்னதற்குக் காரணம், பெரியப்பா 36 வயதில் திடீரென்று இறந்ததாக நீங்கள் சொன்னது. எல்லாருக்கும் இந்தச் சோதனை தேவைப்படாது. முடிவுகள் இயல்பாக இருப்பதால்தான் தொடங்குகிறோம். ஆனாலும் விளையாடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலி என்றாலோ, இல்லாததைப் பார்ப்பதாகவும் கேட்பதாகவும் சொன்னாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வாருங்கள். மயக்கம், நெஞ்சு வலி என்றால் எனக்காகக் காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு 108-ல் போய்விடுங்கள்.

வளர்ச்சி பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பல வருடம் தொடர்ந்து சாப்பிடும் சில பிள்ளைகளின் உயரம் இருக்க வேண்டியதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறையலாம். அதனால்தான் அளந்துகொண்டே இருப்போம். செவ்வாய்க்கிழமை அளந்தபோது உயரம் 125 செ.மீ., நாடி 84, பிபி 98/62. எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் வளர்ச்சி அட்டவணையில் குறிப்பேன். நாடியும் பிபியும் அளவு மாறும் ஒவ்வொரு தடவையும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும். எடை ஏறாமல் நின்றுவிட்டால் விடுமுறை நாட்களில் மருந்தை நிறுத்திப் பார்ப்பது பற்றிப் பேசுவோம். வருடத்துக்கு ஒருமுறை, இன்னும் தேவையா என்று எப்படியும் பார்த்துவிடுவோம். காலம் முழுக்க என்று யாரும் முடிவு செய்யவில்லை.

பழக்கமாகிவிடுமா என்ற பயம் பாட்டிக்கு மட்டும் இல்லை, எல்லார் வீட்டிலும் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில், ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு வாயால் கொடுக்கும்போது போதை வராது. பெரியவனானதும் போதைப் பழக்கத்துக்கு இழுத்துச் செல்வதாகவும் ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் தேவையில்லாதவர்கள் எடுத்தால் ஆபத்து. இந்தியச் சட்டத்தில் இது எக்ஸ் பட்டியல் மருந்து. அதனால் சீட்டை இரண்டு பிரதியாகத் தருகிறேன், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். எல்லாக் கடையிலும் கிடைக்காது, தீரும் ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பீரோவில் பூட்டி வையுங்கள். மாத்திரையை நீங்களே கையில் கொடுங்கள். அக்காவின் பரீட்சைக்கு ஒன்று என்ற பேச்சே கூடாது.

சளி பிடித்தால் கடையில் கேட்டு சிரப் வாங்காதீர்கள். மூக்கடைப்புக்குப் போடும் மருந்துகள் சில, இதோடு சேர்ந்தால் பிபியை ஏற்றும். காபி வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயம்: மாத்திரை கொடுத்த நேரம், எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், சாயந்திரம் எப்படி இருந்தான். டீச்சருக்குக் கொடுத்த கேள்வித்தாளை அவரே நிரப்பட்டும். என்ன மருந்து என்று வகுப்பு முழுக்கத் தெரிய வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். தம்பியிடம் மட்டும் மறைக்காதீர்கள். "சத்து மாத்திரை" என்று பொய் சொன்னால் ஒரு நாள் அவனுக்குத் தெரிந்துவிடும். "கவனம் நிக்க உதவுற மாத்திரை, வேலையச் செய்யறது நீதான்" என்று சொன்னால் போதும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்தரைக்கு வாருங்கள். நோட்டையும் டீச்சர் தந்த தாளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்பதை அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். அதற்குள் சந்தேகம் வந்தால் சீட்டின் மேலே உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.