குடும்ப வம்சாவளிச் சுருக்கம்: மார்பக, சினைப்பைப் புற்றுநோய்

ஆலோசனைக்கு வந்தவர்: 34 வயதுப் பெண், ராமநாதபுரம் மாவட்டம். இந்த ஆண்டு வலது மார்பில் டிரிபிள் நெகட்டிவ் புற்றுநோய் உறுதியானது. தகவல் தந்தவர்கள்: இவரும் இவருடைய அப்பாவும். அடைப்புக்குறியில் உள்ள வயது நோய் கண்டறிந்தபோது இருந்த வயது.

அப்பா வழி

அப்பாவுக்கு 66 வயது, புற்றுநோய் இல்லை. அவருடைய தங்கைகள் இருவருக்கும் நோய் வந்திருக்கிறது. பெரிய அத்தைக்குச் சினைப்பைப் புற்றுநோய் (52). இப்போது 64, உயிருடன் இருக்கிறார். பயாப்சி ரிப்போர்ட்டைப் பார்த்தோம். சின்ன அத்தைக்கு மார்பகப் புற்றுநோய், 2005-ல் இறந்தார். நோய் வந்த வயதை அப்பா 45 என்றார், ஆலோசனைக்கு வந்தவர் 40-க்குள் என்றார். தனுஷ்கோடி புயலின்போது கைக்குழந்தை என்பதில் மட்டும் வீட்டில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். ஆகவே பிறப்பு 1964. நோய் தெரிந்தது 2003. வம்சாவளிப் படத்தில் (39) என்று குறித்திருக்கிறோம். 45 என்பதை எடுத்துவிட்டோம்.

அப்பாவின் அம்மா 50-ஐ ஒட்டிய வயதில் "வயிற்றில் நீர் கோத்து" இறந்தார். சித்தப்பா அப்போது பிளஸ் டூ படித்தாராம். சினைப்பை நோயாக இருக்கலாம், கல்லீரல் நோயாகவும் இருக்கலாம். மருத்துவப் பதிவு எதுவும் இல்லாததால் வட்டத்தை நிரப்பாமல் கேள்விக்குறி போட்டிருக்கிறோம். சித்தப்பா (58), அவர் மகள் (29) இருவருக்கும் நோய் இல்லை. இவ்விருவருக்கும் அடைப்புக்குறியில் இருப்பது இப்போதைய வயது.

அம்மா வழி

அம்மா 61, நலம். தாய்மாமனுக்கு வாய்ப் புற்றுநோய் (63). நீண்டகாலமாகப் புகையிலை போடுபவர். இந்த வரிசையில் சேர்க்கவில்லை.

சொந்தத் திருமணம்

இவருடைய கணவர் பெரிய அத்தையின் மகன், இப்போது 38 வயது. முதல் சந்திப்பின் குறிப்பில் இது "உறவு முறை" என்று மட்டும் இருந்தது. படத்தில் இரட்டைக் கோடாக வரைந்திருக்கிறோம். பெரிய அத்தை பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர், அதாவது கேரியர் என்றால் மகனுக்கு அந்த மாற்றம் வந்திருக்க 50% வாய்ப்பு. 8 வயது மகள், 5 வயது மகன் ஆகியோருக்குத் தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வரலாம். இருவரும் கேரியர் என்றால், ஒரு கர்ப்பத்தில் இரண்டு பிரதிகளும் மாறியிருக்க 25% வாய்ப்பு. அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் முன் இதைப் பேசிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த வயதில் பரிசோதனை வேண்டாம்.

கணிப்பு

39, 52, 34 என மூன்று நோய்கள், அனைத்தும் அப்பா வழியில். பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மாற்றம் ஓர் ஆண் வழியாக, அவருக்கு நோய் வராமலே இறங்கியிருக்கலாம். "அப்பா வழியில் மார்பகப் புற்று வராது" என்று இவருக்கு யாரோ சொன்னதை நேரில் மறுத்தோம்.

முதலில் இவருடைய ரத்தத்தில் மரபணு பேனல் பரிசோதனை. மாற்றம் கிடைத்தால் பெரிய அத்தை, அப்பா, கணவர் ஆகியோருக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும். சித்தப்பா மகளுக்கு முன் சித்தப்பாவைப் பரிசோதிக்க வேண்டும். அறுவை முறை பற்றிய முடிவு, முடிந்தவரை ரிப்போர்ட் வந்த பிறகு.

நிலுவை: சின்ன அத்தையின் சிகிச்சைக் கோப்பு. அவருடைய கணவர் வீட்டில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.